போன வருஷக் கணக்கில் தப்பு: திருத்துவதும், திருத்தியதைச் சரிபார்ப்பதும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில், வணிகவியல் துறை அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பேசு, பொதுவாகப் பேசாதே" என்று செயலாளர் கட்டளையிட்டு விட்டார். நான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆடிட் செய்கிறவன். பெரிய கார் கம்பெனிகளுக்குப் பக்கத்திலேயே, அவற்றுக்குப் பிராக்கெட், பிளாஸ்டிக் பாகம், ஒயர் கட்டு என்று செய்து அனுப்பும் நூற்றுக்கணக்கான சப்ளையர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் அடிக்கடி வருகிற ஒரு கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறேன். போன வருஷம் கையெழுத்துப் போட்டு வெளியிட்ட கணக்கில் தப்பு இருந்தது என்று இந்த வருஷம் தெரிந்தால் என்ன செய்வது? செய்ததை ஆடிட்டர் எப்படிச் சரிபார்ப்பார்?

முதலில் ஒரு வார்த்தையைத் தெளிவாக்கி விடுகிறேன். 'ரீஸ்டேட்' செய்த கணக்கு என்றாலே ஊழல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் மோட்டார் இந்தியா, 2024 அக்டோபரில் பொதுப் பங்கு வெளியீட்டுக்கு வந்தது. அதற்கான விளம்பர ஆவணத்தில் இருந்த கணக்கின் பெயரே 'ரீஸ்டேட்டட்' கணக்குதான். பங்கு வெளியீட்டுக்கு வரும் கம்பெனி எதுவானாலும், பல வருடக் கணக்கை ஒரே கொள்கைப்படி ஒழுங்குசெய்து பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது செபி விதி. ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதனால் திருத்தினார்கள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று வகை, ஒரே கேள்வி

பழைய எண் மாறுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று பிழை. இரண்டாவது கணக்கியல் கொள்கையை மாற்றுவது. மூன்றாவது மதிப்பீடு மாறுவது. புத்தகத்தில் இதை மூன்று அத்தியாயமாகப் படிப்பீர்கள். தொழிற்சாலையில் ஒரே பொருளை வைத்தே மூன்றையும் பார்த்துவிடலாம்.

பிரஸ் ஷாப்பில் இருக்கும் ஒரு டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து லட்சம் அடி தாங்கும் என்று கணித்து, அடிக்கு இவ்வளவு என்று தேய்மானம் போட்டு வருகிறோம். இந்த வருஷம் டூல் ரூம்காரர் பார்த்து, "சார், ஓரம் தேய ஆரம்பிச்சிடுச்சு, நாலு லட்சம்தான் தாங்கும்" என்கிறார். இது மதிப்பீட்டு மாற்றம். போன வருஷ எண்ணைத் தொடக் கூடாது. மீதியிருக்கும் தொகையை மீதியிருக்கும் அடிகளுக்கு இனிமேல் பிரித்துப் போட வேண்டும்.

அதே டை 2023-லேயே உடைந்து பழைய இரும்புக்குப் போய்விட்டது, ஆனால் சொத்துப் பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால்? அது பிழை. உடைந்த விஷயம் அப்போதே தொழிற்சாலைக்குத் தெரியும். கணக்கில்தான் ஏறவில்லை.

இனி, அந்த டையில் வெட்டும் ஸ்டீல் காயிலின் ஸ்டாக்கை இதுவரை 'முதலில் வந்தது முதலில் போகும்' என்ற முறையில் மதிப்பிட்டோம், இனி சராசரி விலையில் மதிப்பிடப் போகிறோம் என்றால், அது கொள்கை மாற்றம். சட்டமோ கணக்கியல் தரமோ கேட்காமல் நாமாகவே மாற்றுகிறோம் என்றால், புதிய முறை ஏன் கூடுதல் பொருத்தமான தகவலைத் தருகிறது என்று காரணம் எழுத வேண்டும். இண்ட் ஏ.எஸ். 8 என்ற தரத்தின்படி பழைய வருடங்களையும் புதிய முறையிலேயே மாற்றிக் காட்ட வேண்டும். லாபம் கூடுகிற வருஷத்தில்தான் ஞானோதயம் வந்ததா என்று ஆடிட்டர் பார்ப்பார்.

இங்கே மூத்த நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. நாம் படித்த காலத்தில் தேய்மான முறையை மாற்றுவது கொள்கை மாற்றம் என்று எழுதினால்தான் மார்க். 2016-ல் பழைய ஏ.எஸ். 6 போய், திருத்திய ஏ.எஸ். 10 வந்த பிறகு அது மதிப்பீட்டு மாற்றம். இண்ட் ஏ.எஸ்.-இலும் அப்படியே. பழைய ஞாபகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்!

பிழைக்கும் மதிப்பீட்டுக்கும் நடுவே உள்ள கோடுதான் நிஜத்தில் சிக்கல். அந்தக் கோட்டைப் போடும் கேள்வி ஒன்றே: போன வருஷக் கணக்கை போர்டு அங்கீகரித்த அன்று, இந்தத் தகவல் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததா? இருந்தும் பயன்படுத்தாமல் விட்டிருந்தால் பிழை. அதற்குப் பிறகுதான் பிறந்த தகவல் என்றால் மதிப்பீட்டு மாற்றம்.

நம் பகுதியில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். கார் கம்பெனி சப்ளையருக்குத் தருகிற விலை பெரும்பாலும் தாற்காலிகமானது. ஸ்டீல் விலை இறங்கினால், முன்தேதியிட்டு விலையைக் குறைத்து டெபிட் நோட் அனுப்புவார்கள். மார்ச்சில் விற்ற சரக்குக்கு செப்டம்பரில் டெபிட் நோட் வருகிறது, அதுவரை யாருக்கும் எந்த எண்ணும் தெரியாது, நியாயமான ஒதுக்கீடும் வைத்திருந்தோம் என்றால், வித்தியாசம் இந்த வருஷத்துக் கணக்கு. ஆனால் விலை குறைப்பு மெயில் ஏப்ரலிலேயே வந்து, மார்க்கெட்டிங் மேனேஜரின் கம்ப்யூட்டரில் தூங்கிக்கொண்டிருந்து, ஜூனில் போர்டு கையெழுத்துப் போட்டிருந்தால்? "அக்கவுண்ட்ஸுக்கு யாரும் சொல்லலை சார்" என்பது பதில் ஆகாது. கம்பெனிக்குத் தெரியும். அது பிழை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இப்போது ஒரு முழு உதாரணம். கம்பெனி கற்பனை, எண்களும் நான் வைத்தவை. ஆனால் தப்பு நடக்கும் விதம் கற்பனையல்ல.

ஒரு சப்ளையர் பிராக்கெட்டுகளை அடித்து, பிளேட்டிங் செய்ய வெளியே ஜாப் ஒர்க்குக்கு அனுப்புகிறார். சரக்கு டெலிவரி சலானில் போகிறது, பிளேட்டிங் ஆகித் திரும்பி வருகிறது. மார்ச் 31 அன்று ஸ்டாக் கணக்கு எடுக்க வேண்டும். தொழிற்சாலைக்குள் இருப்பதை ஆட்கள் எண்ணி அட்டை மாட்டுகிறார்கள். வெளியே இருப்பதை எண்ண முடியாதே? ஆகவே முடியாமல் நிற்கும் சலான்களின் பட்டியலை எடுத்து, அவ்வளவும் பிளேட்டிங்காரரிடம் இருப்பதாக எழுதிக்கொள்கிறார்கள்.

மார்ச் 29, 30 தேதிகளில் பல லாரிச் சரக்கு திரும்பி வந்துவிட்டது. கேட்டில் செக்யூரிட்டி பதிவுசெய்து உள்ளே விட்டுவிட்டார். வருஷக் கடைசி அவசரத்தில் ஸ்டோர்ஸ்காரர் சரக்கு வரவுச் சீட்டை, அதாவது ஜி.ஆர்.என்.-ஐ, ஏப்ரல் 3-ல்தான் போட்டார். விளைவு: அந்தச் சரக்கு உள்ளே எண்ணிய பட்டியலிலும் இருக்கிறது, சலான் மூடப்படாததால் வெளியே இருக்கும் பட்டியலிலும் இருக்கிறது. ஒரே பிராக்கெட் இரண்டு தடவை ஸ்டாக்.

2025 மார்ச்சில் பிளேட்டிங்காரரிடம் நேரடியாக எண்ணி எழுதி வாங்கியபோது விஷயம் வெளியே வந்தது. பின்னோக்கிப் போய்ப் பார்த்ததில், 2024 மார்ச் 31-ல் ஸ்டாக் 3 கோடி ரூபாய் அதிகம், 2023 மார்ச் 31-ல் 1 கோடி அதிகம். 2025 மார்ச் 31-ன் எண்ணிக்கை சரி.

2023-24-க்கு வரிக்கு முந்தைய லாபம் 12 கோடி என்று ஏற்கெனவே வெளியிட்டாயிற்று. இறுதி ஸ்டாக் 3 கோடி அதிகமானதால் லாபம் 3 கோடி வீங்கியது. ஆரம்ப ஸ்டாக் 1 கோடி அதிகமானதால் செலவு கூடி லாபம் 1 கோடி சுருங்கியது. நிகரமாக 2 கோடி வீக்கம். உண்மை லாபம் 10 கோடி.

2024-25-ல் எதுவும் செய்யாமல் விட்டால், ஆரம்ப ஸ்டாக் 3 கோடி அதிகமாக வந்து உட்கார்ந்து, லாபம் 8 கோடி என்று காட்டும். உண்மை லாபம் 11 கோடி.

மேனேஜர்கள் சொல்லும் வாதம் இங்கேதான் வரும். "சார், இந்த ஸ்டாக் தப்பு தானாவே சரியாயிடும். போன வருஷம் கூட, இந்த வருஷம் குறைச்சல். ரெண்டையும் சேர்த்தா கணக்கு நேர். எதுக்குக் கிளறணும்?"

கூட்டிப் பார்த்தால் நேர்தான் போலிருக்கும். ஆனால் படிக்கிறவர் இரண்டையும் கூட்டிப் படிப்பதில்லை, ஒப்பிட்டுப் படிக்கிறார். கிளறாமல் விட்ட கணக்கு சொல்கிறது: லாபம் 12-லிருந்து 8-க்கு விழுந்தது, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. உண்மைக் கணக்கு சொல்கிறது: லாபம் 10-லிருந்து 11-க்கு ஏறியது. இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து சம்பள உயர்வுப் பேச்சுக்கு உட்காரும் தொழிலாளிகளிடம் "லாபம் விழுந்துடுச்சுப்பா" என்று நீட்டப்படுவது இந்த 8 கோடிதான். போன வருஷம் மேலதிகாரிகள் இன்சென்டிவ் வாங்கியது அந்த 12 கோடியின் பேரில். ஸ்டாக்கை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்த வங்கி, இல்லாத 3 கோடிச் சரக்கின் பேரிலும் பணம் கொடுத்திருக்கிறது. தானாகச் சரியாவது எண் மட்டும்தான். அந்த எண்ணை நம்பி எடுத்த முடிவுகள் சரியாவதில்லை.

எப்படித் திருத்துவது

இந்தக் கம்பெனி இண்ட் ஏ.எஸ். பின்பற்றுவதாக வைத்துக்கொள்வோம். 2024-25 கணக்கில், போன வருஷப் பத்தியில் 12 என்ற எண் இருக்காது. 10 என்று திருத்தி, மேலே 'திருத்தியது' என்று எழுத வேண்டும். இந்த வருஷம் 11. அப்படியானால் 2023 மார்ச்சுக்கு முன்பே ஏறிவிட்ட அந்த 1 கோடி? அது இந்த இரண்டு வருஷத்தையும் சேர்ந்தது அல்ல. ஆகவே 2023 ஏப்ரல் 1-ன் ஆரம்ப இருப்பில், சேர்ந்த லாபத்திலிருந்து கழிக்க வேண்டும். அந்தத் தொகை முக்கியமானது என்றால், 2023 ஏப்ரல் 1-க்கு மூன்றாவதாக ஒரு பேலன்ஸ் ஷீட்டும் போட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். விட்டுவிட்டால் இரண்டு வருஷ லாபம் 12-ம் 8-ம், மொத்தம் 20. திருத்தினால் 10-ம் 11-ம், மொத்தம் 21. ஒரு கோடி எங்கிருந்து முளைத்தது? ஆரம்ப இருப்பில் கழித்த அதே ஒரு கோடி. இந்த முடிச்சு விழவில்லை என்றால் திருத்தத்தில் எங்கோ ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஆடிட்டர் முதலில் போடும் கணக்கு இதுதான்.

வரியை இதுவரை ஒதுக்கி வைத்துப் பேசினேன். வரி கால் பங்கு என்று வைத்தால், 2024 மார்ச் 31-ன் சேர்ந்த லாபத்தில் குறைவது 3 கோடி அல்ல, இரண்டேகால் கோடி. மீதி 75 லட்சம் வரி இனங்களில் வரும். ஆனால் அதைச் சொத்தாக எழுதுவதற்கு முன், வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகை எந்த வருஷத்தில், எந்த வழியில் உண்மையில் கிடைக்கும் என்பதைக் காட்டியாக வேண்டும்.

நம் பகுதியில் சிறிய சப்ளையர்கள் பலருக்கு இண்ட் ஏ.எஸ். பொருந்தாது. பங்குச் சந்தையில் இல்லாத, நிகர மதிப்பு 250 கோடிக்குக் கீழான கம்பெனிகள் பொதுவாகப் பழைய ஏ.எஸ். வழியில்தான் இருக்கின்றன, தாய்க் கம்பெனி போன்ற தொடர்புகளால் உள்ளே இழுக்கப்பட்டவை மட்டும் விதிவிலக்கு. அங்கே ஏ.எஸ். 5-ன்படி போன வருஷ எண் 12 அப்படியே நிற்கும். இந்த வருஷத்தில் 11 கோடி காட்டி, அதன்பின் 'முந்தைய கால இனம்' என்று 3 கோடியைத் தனியாகக் கழித்து, 8 என்று முடிக்க வேண்டும். கடைசி எண் அதே 8 தான். ஆனால் அந்த 3 கோடி தனி வரியில் தெரிகிறது. அதைத் தனியாகக் காட்டாமல் மூலப்பொருள் செலவில் கரைத்துவிட்டால்தான் குற்றம்.

ஆடிட்டர் எதைப் பார்க்கிறார்

இனி என் பக்கத்து வேலை. போன வருஷ எண்கள் சரியாக எடுத்து எழுதப்பட்டிருக்கின்றனவா, திருத்தியிருந்தால் முறையாகத் திருத்தியிருக்கிறார்களா என்று பார்ப்பது எஸ்.ஏ. 710 என்ற தணிக்கைத் தரத்தின்படி ஆடிட்டரின் கடமை.

முதல் வேலை, காரணத்தைப் பிடிப்பது. தொகையைச் சொன்னால் போதாது. கேட் ரிஜிஸ்டரை ஒரு கையிலும் ஜி.ஆர்.என். கட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு, மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் வாரமும் தேதி தேதியாகப் பார்ப்போம். கேட் தேதி மார்ச் 30, ஜி.ஆர்.என். தேதி ஏப்ரல் 3 என்று வரும் ஒவ்வொரு சலானும் சந்தேகத்துக்கு உரியது. அவற்றின் மதிப்பைக் கூட்டினால் 3 கோடிக்கு அருகே வர வேண்டும். ஒன்றரைக் கோடிதான் வருகிறது என்றால், மீதிக்கு வேறு ஏதோ காரணம் இருக்கிறது. இன்னும் தோண்ட வேண்டும்.

இரண்டாவது, முழுமை. ஒரு பிளேட்டிங்காரரிடம் நடந்தது ஹீட் ட்ரீட்மென்ட்காரரிடமும் பெயின்ட் ஷாப்காரரிடமும் நடக்காதா? எல்லா ஜாப் ஒர்க் இடங்களுக்கும் இதே சோதனை போட வேண்டும். 2023-லும் இருந்தது என்றால் 2022-ல் இல்லையா என்றும் கேட்க வேண்டும். "பழைய சலான் புத்தகம் இல்லை, அதனால் முடியாது" என்பார்கள். உண்மையிலேயே கணக்கிட முடியாவிட்டால், முடிகிற தேதியிலிருந்து திருத்தலாம் என்று தரம் அனுமதிக்கிறது. ஆனால் ஏன் முடியவில்லை என்று எழுத வேண்டும். புத்தகம் தொலைந்ததாலேயே முடியாது என்று ஆகிவிடாது. பிளேட்டிங்காரர் கிலோவுக்கோ எண்ணிக்கைக்கோ பில் போட்டிருப்பார். ஜி.எஸ்.டி.-யில் ஜாப் ஒர்க்குக்குப் போனதும் வந்ததும் ஐ.டி.சி.-04 படிவத்தில் இருக்கும். இவற்றை வைத்துத் திரும்பக் கட்டியெழுப்ப முடியுமா என்று பார்த்த பிறகே அந்தச் சலுகை.

மூன்றாவது, எதிர்த் திசையில் ஒரு சந்தேகம். இதைப் பலர் நினைப்பதில்லை. பழைய வருஷத்துக்குத் தள்ளிய நஷ்டம் இந்த வருஷ லாபத்தைத் தொடாது. ஆகவே திருத்தம் என்ற கதவு திறந்ததும், இந்த வருஷத்து நஷ்டங்களும் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழையப் பார்க்கும். இந்த வருஷம் மாடல் நின்றுபோனதால் செல்லாக்காசான பாகங்கள், இந்த வருஷம் ஒதுக்க வேண்டிய வாரன்டி, எல்லாம் 'போன வருஷப் பிழை' என்ற பெயரில் வரும். அப்போது நான் கேட்பது பழைய கேள்விதான்: போன வருஷம் போர்டு கையெழுத்துப் போடுமுன் தேதியிட்ட ஒரு காகிதம் காட்டுங்கள். மாடல் நின்ற கடிதம் அதற்குப் பிறகு வந்தது என்றால், அது இந்த வருஷத்து மதிப்பீடு. இந்த வருஷ லாபத்தில்தான் ஏற வேண்டும்.

நான்காவது, தெரியாமல் நடந்ததா, தெரிந்தே செய்ததா? ஜி.ஆர்.என். தாமதம் வருஷம் முழுவதும் நடக்கிறதா, மார்ச்சில் மட்டுமா? 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் பதிவாக வேண்டும் என்பது விதி. அந்தத் தடத்தைப் படித்தால் பாதி கதை தெரியும். தெரிந்தே செய்தது என்றால் சமாசாரமே வேறு. சிறு தொகையாக இருந்தாலும், லாபத்தை ஒரு விதமாகக் காட்டுவதற்காகவே செய்த பிழையை இண்ட் ஏ.எஸ். 8 மன்னிப்பதில்லை. அதிகாரிகளோ ஊழியர்களோ கம்பெனிக்கு எதிராகச் செய்த மோசடி 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் என்று நம்பக் காரணம் இருந்தால், ஆடிட்டர் மத்திய அரசுக்கே தெரிவிக்க வேண்டும். கம்பெனிச் சட்டம் 143-ஆம் பிரிவு சொல்வது இது.

ஐந்தாவது, குறிப்பைப் படிப்பது. நம் கம்பெனிகளின் கணக்கில் கடைசிக் குறிப்பாக ஒரு வரி வரும்: 'முந்தைய ஆண்டு எண்கள் தேவையான இடங்களில் மறுதொகுப்பு செய்யப்பட்டுள்ளன.' இந்த வரி ஒரு பெரிய பாய். அதன் அடியில் எதையும் சுருட்டி வைக்கலாம். மறுதொகுப்பு என்றால் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றியது. லாபமும் சேர்ந்த லாபமும் மாறாது. அவை மாறியிருந்தால் அது பிழைத் திருத்தம். என்ன பிழை, ஒவ்வொரு இனத்திலும் எவ்வளவு, ஒரு பங்குக்கான லாபம் எவ்வளவு மாறியது, ஆரம்ப இருப்பில் எவ்வளவு என்று எழுத வேண்டும். நான் செய்வது எளிய வேலை. போன வருஷம் அச்சிட்ட கணக்கை எடுத்து, இந்த வருஷத்தின் போன வருஷப் பத்தியோடு வரிக்கு வரி பென்சிலால் டிக் போடுவேன். டிக் விழாத ஒவ்வொரு இடத்துக்கும் குறிப்பில் பதில் இருக்க வேண்டும். 2021-ல் திருத்திய மூன்றாம் அட்டவணைப்படி, பங்குதாரர் நிதி மாற்ற அறிக்கையில் முந்தைய காலப் பிழைக்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே கோடு போட்டுவிட்டு வேறிடத்தில் எண்ணை மாற்றியிருந்தால் உடனே தெரிந்துவிடும். விகிதங்கள் பற்றிய குறிப்பும் திருத்திய எண்ணில்தான் இருக்க வேண்டும். பழைய எண்ணிலேயே விட்டுவிடுவது வழக்கமான மறதி.

கடைசியாக, ஆடிட்டரின் சொந்த அறிக்கை. திருத்தம் பற்றி நிர்வாகத்திடம் தனியாக எழுத்துமூலம் உறுதி வாங்க வேண்டும். திருத்தமும் குறிப்பும் ஒழுங்காக இருந்தால், வாசகரின் கவனத்தை அந்தக் குறிப்புக்கு இழுத்து ஒரு பத்தி எழுதலாம். ஒழுங்காக இல்லையென்றால் அறிக்கையில் மாற்றுக் கருத்தே எழுத வேண்டும். உள் கட்டுப்பாடு பற்றி ஆடிட்டர் அறிக்கை தர வேண்டிய கம்பெனி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. இத்தனை பெரிய பிழையை கம்பெனியின் சொந்த ஏற்பாடு பிடிக்கவில்லையே, அப்புறம் கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது என்று எப்படி எழுதுவது? போன வருஷம் வேறு ஆடிட்டர் பார்த்திருந்தால், அவருக்கு விஷயத்தைத் தெரிவிக்கும்படி நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் திருத்துவது நம் தொழிலில் மரியாதையல்ல.

ஏடுகளில் உள்ள ஒரு வழக்கு

இதெல்லாம் பிராக்கெட் கம்பெனி சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். முன்பு கிராம்ப்டன் கிரீவ்ஸ் என்று பெயர் பெற்றிருந்த சி.ஜி. பவர், 2019 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு ஓர் அறிவிப்பு கொடுத்தது. கம்பெனியின் கடன் பொறுப்புகள் 2018 மார்ச் 31-ல் சுமார் 1,053 கோடி ரூபாயும், 2017 ஏப்ரல் 1-ல் சுமார் 601 கோடி ரூபாயும் குறைத்துக் காட்டப்பட்டிருக்கக்கூடும் என்றது அது. அந்த இரண்டு தேதிகளைக் கவனித்தீர்களா? அப்போது முடிக்க வேண்டியிருந்தது 2018-19 கணக்கு. அதில் ஒப்பிடும் வருஷம் 2017-18. அந்த வருஷத்தின் முடிவு ஒரு தேதி, ஆரம்பம் மற்றொரு தேதி. நாம் பிராக்கெட்டுக்குப் போட்ட அதே கணக்குத்தான், ஆயிரம் கோடி அளவில்.

அந்த வழக்கு இன்னொன்றையும் கற்பிக்கிறது. அடுத்த வருஷக் கணக்கில் பழைய எண்ணைத் திருத்திக் காட்டுவது வேறு. பழைய கணக்குப் புத்தகத்தையே திரும்பத் திறப்பது வேறு. முதலாவதை கம்பெனியே செய்யலாம், செய்தாக வேண்டும். இரண்டாவதற்குத் தீர்ப்பாயம் வேண்டும். கம்பெனியே முன்வந்து முந்தைய மூன்று வருஷக் கணக்கைத் திருத்தி எழுத அனுமதி கேட்பது சட்டத்தின் 131-ஆம் பிரிவு. அரசோ செபியோ வருமான வரித் துறையோ கேட்டு, தீர்ப்பாயம் கட்டளையிட்டுத் திறப்பது 130-ஆம் பிரிவு. சி.ஜி. பவரில் 2020 மார்ச்சில், மத்திய அரசின் மனுவின் பேரில், மும்பை தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஐந்து வருஷக் கணக்கைத் திறக்க உத்தரவிட்டது. அதே வருஷ நவம்பரில் அந்தக் கம்பெனியை நம் சென்னை முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஏற்றுக்கொண்டது. புதிதாக வருகிற முதலீட்டாளர் எதை நம்பிப் பணம் போடுவார்? பழைய எண்களில் எது உண்மை என்று பிரித்துச் சொல்லும் குறிப்பை நம்பித்தான்.

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் அந்த ஒரகடம் ரோட்டில் அக்கவுண்ட்ஸ் உதவியாளராகச் சேர்வீர்கள். மார்ச் 30 அன்று ஸ்டோர்ஸிலிருந்து, "ஜி.ஆர்.என். ஏப்ரல்ல போட்டுக்கலாம் தம்பி" என்று ஒரு குரல் கேட்கும். அப்போது கேட் ரிஜிஸ்டரில் இருக்கும் தேதியைப் பார்த்துவிட்டு, அன்றே போடச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தச் சலான் எண்களை ஒரு தாளில் எழுதி உங்கள் மேலதிகாரிக்குக் கொடுங்கள். இவ்வளவு நேரம் நான் சொன்ன திருத்தம், குறிப்பு, மூன்றாவது பேலன்ஸ் ஷீட் எல்லாவற்றுக்கும் விலை அந்த ஒரு தாள்தான்.